கெடு தாண்டிக் கொடுத்த மீதிக் கிரயத்தொகை: காலம் எப்போது ஒப்பந்தத்தின் உயிர்நாடியாகிறது?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு நிலத்தை ரூ.42 லட்சத்துக்குப் பேசி, ஜனவரி 10-இல் ஒப்பந்தம் எழுதி ரூ.6 லட்சம் முன்பணம் கொடுத்தேன். மீதியை மே 10-க்குள் கொடுத்துக் கிரயம் செய்துகொள்ள வேண்டும். வங்கிக் கடன் தாமதமானது. மே 19-இல் ரூ.2 லட்சம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். மே 27-இல் மீதியோடு போனபோது, "காலமே முக்கியம் என்று எழுதியிருக்கிறது, ஒப்பந்தம் ரத்து, முன்பணமும் கிடையாது" என்கிறார். அவர் சொல்வது செல்லுமா?

பதில்:

அவர் சொல்வது அப்படியே செல்லாது. கெடு முடிந்து ஒன்பது நாள் கழித்து இரண்டு லட்சத்தைக் கைநீட்டி வாங்கியவர், அதற்கு எட்டு நாள் கழித்து அதே கெடுவைக் காட்டி ஒப்பந்தத்தை முறிப்பது எளிதல்ல. ஆனால் இது உங்கள் வழக்கில் பாதிதான். மறுபாதி, மீதி முப்பத்து நான்கு லட்சம் எந்தத் தேதியில், எந்த வடிவில் உங்களிடம் தயாராக இருந்தது என்பது. காலம் பற்றிய வாதத்தில் வென்று, பணத்தைப் பற்றிய சாட்சியத்தில் தோற்றவர்கள் பலர். அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 55-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. குறித்த நாளுக்குள் ஒரு காரியத்தைச் செய்வதாக ஒப்புக்கொண்டவர் செய்யத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பிரிவு இரண்டு விதமாக விடை சொல்கிறது. காலம் ஒப்பந்தத்தின் சாராம்சமாக இருக்க வேண்டும் என்பது இரு தரப்பாரின் எண்ணமாக இருந்திருந்தால், தவறு செய்யாத தரப்பார் விரும்பினால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அந்த எண்ணம் இல்லையென்றால் முறிக்க முடியாது. தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு மட்டுமே கேட்கலாம். முதல் நிலையில்கூட "விரும்பினால்" என்பதைக் கவனியுங்கள். கெடு முடிந்த நள்ளிரவில் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடுவதில்லை. முறிப்பதா, தொடர்வதா என்று விற்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். தொடர்வது போல நடந்துகொண்டால் அந்த நடத்தையே அவருடைய முடிவாகிவிடும்.

அசையாச் சொத்தைப் பொறுத்தவரை, நாள் குறிப்பிட்டிருந்தாலும் காலம் சாராம்சம் அல்ல என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றங்கள் தொடங்குகின்றன. 1967-இல் வெளியான கோமதிநாயகம் பிள்ளை எதிர் பழனிசாமி நாடார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஒரு கால வரம்பைக் குறிப்பிட்டதாலும், தவறினால் என்ன விளைவு என்று எழுதி வைத்ததாலும் மட்டுமே காலம் சாராம்சமாகிவிடாது, இரு தரப்பாரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது ஒப்பந்தத்திலிருந்தும் சூழ்நிலையிலிருந்தும் ஐயமின்றித் தெரிய வேண்டும். நிலம் நாளைக்கும் அங்கேயே இருக்கும், பத்து நாள் தாமதத்தால் அதன் தன்மை மாறிவிடாது என்பதே இதன் பின்னிருந்த எண்ணம்.

அந்த அனுமானம் அசைக்க முடியாததல்ல என்பதற்கு 1993-இல் வெளியான சாந்த் ராணி வழக்குத் தீர்ப்பு சான்று. அங்கே மொத்தக் கிரயம் ரூ.1,78,000, முன்பணம் ரூ.30,000, அதற்குமேல் ரூ.98,000-ஐப் பத்து நாளைக்குள் "மட்டுமே" கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த "மட்டுமே"யையும் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்த்து, அந்தக் குறிப்பிட்ட தவணைக்குக் காலம் சாராம்சம்தான் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு முடிவு செய்தது. ஒரு சொல் ஒரு சொத்தைக் கைமாறாமல் நிறுத்திய வழக்கு அது. ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தியை அச்சடித்த சடங்காக நினைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது, தமிழ்நாட்டிலிருந்து சென்ற சாரதாமணி கந்தப்பன் எதிர் ராஜலட்சுமி வழக்கில் 2011-இல் வந்த தீர்ப்பு. 1981 ஜனவரியில் எழுதிய ஒப்பந்தம், கிரயம் ரூ.3,75,000, முன்பணம் ஒரு லட்சம், மீதியை பிப்ரவரி 28, ஏப்ரல் 6, மே 30 என்று மூன்று தேதிகளில் தவணையாகக் கொடுக்க வேண்டும். கிரயப் பத்திரம் எழுதிக் கொடுப்பதற்கு அப்படித் தேதி எதுவும் இறுக்கமாகக் குறிக்கப்படவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் உச்ச நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. பத்திரம் முடிப்பதற்குக் காலம் சாராம்சமல்ல. ஆனால் பணம் கொடுப்பதற்குக் காலம் சாராம்சம் என்று பிரித்துச் சொன்னது. ஆவணங்களைக் குறித்துத் தனக்குத் திருப்தி ஏற்படவில்லை, அதனால் தவணையை நிறுத்தினேன் என்று வாங்குபவர் சொன்னது எடுபடவில்லை. ஏனென்றால் அந்த ஒப்பந்தத்தில் பத்திரப் பதிவுதான் ஆவணத் திருப்தியோடு இணைக்கப்பட்டிருந்தது, தவணைகள் அதோடு இணைக்கப்படவில்லை.

அதே தீர்ப்பில் இன்னொரு பயனுள்ள விளக்கமும் உண்டு. குறிப்பிட்ட தேதிக்குள் ஒரு கடனை அடைக்க வேண்டும், குடும்பத்தில் ஒருவரின் மருத்துவச் செலவோ படிப்புச் செலவோ காத்திருக்கிறது என்பது போன்ற காரணத்தை ஒப்பந்தத்திலேயே விற்பவர் எழுதியிருந்தால், பணம் கொடுப்பதற்கான காலம் சாராம்சமாகவே கருதப்படும். காரணம் எழுதப்படாவிட்டாலும், பணம் கொடுப்பதைக் குறித்துச் சொற்கள் தெளிவாக அந்த எண்ணத்தைக் காட்டினால் அதுவும் போதும். நில விலை ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்த காலத்தில் உருவான பழைய அனுமானத்தை, விலை வேகமாக ஏறும் இந்தக் காலத்தில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் நீதிமன்றம் அதில் குறிப்பிட்டது. ஆகவே "நிலத்துக்குக் காலம் முக்கியமில்லை" என்ற பழைய வாசகத்தை மட்டும் நம்பி இன்று யாரும் நீதிமன்றப் படியேறக் கூடாது.

இப்போது உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் விரியுங்கள். காலம் முக்கியம் என்ற வாக்கியம் எந்தப் பத்தியில் நிற்கிறது என்று பாருங்கள். "மீதித்தொகை ரூ.36 லட்சத்தை மே 10-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், இதற்குக் காலமே சாராம்சம், தவறினால் ஒப்பந்தம் ரத்தாகும்" என்று பணத்தோடு ஒட்டி எழுதியிருந்தால் அது விற்பவருக்குப் பலம். பத்திரம் எழுதுபவரின் கணினியில் எல்லா ஒப்பந்தங்களுக்கும் பொதுவாக வைத்திருக்கும் கடைசிப் பத்தியில், இரு தரப்பாருக்கும் பொதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தால் அதன் எடை குறையும். உங்களுடையதில் பணமும் பத்திரமும் ஒரே நாளில், கையும் கையுமாக முடிய வேண்டும் என்று இருப்பதாகத் தோன்றுகிறது. அது சாரதாமணி வழக்கின் தவணை முறையிலிருந்து வேறுபட்டது. இருவரும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய காரியங்கள் இவை. ஒருவர் தன் பங்கைச் செய்யத் தயாராக இல்லாதபோது மற்றவர் தன் பங்கைச் செய்தே ஆக வேண்டியதில்லை என்று அதே சட்டத்தின் 51-ஆம் பிரிவு சொல்கிறது.

ஆதலால் அடுத்துப் பார்க்க வேண்டியது, மே 10 அன்று விற்பவர் தன் பங்குக்குத் தயாராக இருந்தாரா என்பது. நிலத்தை அளந்து எல்லைக்கல் காட்டுவது, பட்டாவில் பெயர் மாற்றுவது, அடமானம் இருந்தால் மீட்டு ரசீது காட்டுவது, மூலப்பத்திரத்தைப் பார்வைக்குத் தருவது, உடன்பிறந்தவர்களின் கையெழுத்தைப் பெற்றுத் தருவது என்று ஒப்பந்தம் அவர்மீது ஏதாவது ஏற்றியிருக்கும். அவற்றில் எதை முதலில் முடிக்க வேண்டும் என்ற வரிசையும் சில ஒப்பந்தங்களில் இருக்கும். உங்கள் வங்கிக் கடன் தாமதமானதற்கே விற்பவர் கொடுக்க வேண்டிய ஒரு காகிதம்தான் காரணமாக இருந்திருக்கலாம். வங்கியின் சட்ட ஆலோசகர் எந்தத் தேதியில் எந்த ஆவணத்தைக் கேட்டார், அதை விற்பவர் எந்தத் தேதியில் கொடுத்தார் என்பதைத் தேடி எடுங்கள். மே 2-இல் கேட்ட வாரிசுச் சான்று மே 16-இல்தான் வந்தது என்று ஒரு மின்னஞ்சல் காட்டினால், தாமதம் உங்கள் தோளிலிருந்து இறங்கி அவர் தோளுக்குப் போய்விடும். ஆனால் தாமதம் வங்கியின் உள்வேலையால் மட்டுமே வந்ததென்றால் அதைச் சாக்காகச் சொல்லாதீர்கள். கடன் கிடைத்தால்தான் கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிராதபோது, பணத்தைத் திரட்டுவது வாங்குபவரின் பொறுப்பு.

இனி அந்த இரண்டு லட்சத்துக்கு வருகிறேன். உங்கள் வழக்கின் நெஞ்சு அங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் இத்தகைய பணம் பெரும்பாலும் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் ஏறும். முத்திரைத்தாளைத் திருப்பி, நீல மையில், "மேற்படி ஒப்பந்தப்படி எனக்குச் சேர வேண்டிய கிரயத்தொகையில் பகுதியாக ரூ.2,00,000 இன்று பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டிருப்பார்கள். உங்களிடம் அப்படி ஒரு வரி இருந்தால் அதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். "மேற்படி ஒப்பந்தப்படி" என்ற சொற்கள், மே 19-இலும் ஒப்பந்தம் உயிரோடு இருந்ததாக விற்பவரே ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி. "மீதியை விரைவில் பெற்றுக்கொள்கிறேன்" என்று கூடுதலாக இருந்தால் அது கெடுவை நீட்டித்ததற்கே சமம். ஒப்பந்தத்தில் குறித்த காலத்தை நீட்டிக்கும் உரிமை எதிர்தரப்புக்கு உண்டு என்று 63-ஆம் பிரிவு சொல்கிறது. மாறாக, "மே 25-க்குள் மீதியைக் கொடுக்காவிட்டால் ரத்து" என்றோ, "என் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெறுகிறேன்" என்றோ எழுதியிருந்தால் நிலைமை தலைகீழ். மே 25-க்குள் என்ற வரி ஒரு புதிய கெடுவை வைத்துவிட்டது. மே 27 அதையும் தாண்டிவிட்டது.

பின்பக்க வரியே இல்லை, வங்கி வழியாக அனுப்பினீர்கள் என்றால் பரிமாற்றக் குறிப்பில் நீங்கள் எழுதிய சொற்களையும், அன்று இருவருக்கும் இடையே போன வாட்ஸ்அப் செய்திகளையும் எடுத்து வையுங்கள். அவர் பணத்தை அன்றே திருப்பி அனுப்பவில்லை, எதிர்ப்பும் தெரிவிக்கவில்லை என்பது உங்களுக்குச் சாதகம். கையில் ரொக்கமாகக் கொடுத்து, ரசீதும் இல்லையென்றால், கொடுத்ததை நிரூபிக்கும் பாரம் முழுவதும் உங்கள்மேல் விழும்.

சரியான முறையில் பெற்ற பணமாக இருந்தால் அதன் சட்ட விளைவு இதுதான். தொடக்கத்தில் காலம் சாராம்சமாகவே இருந்திருந்தாலும், கெடுவுக்குப் பின் பணத்தை ஏற்றதன் மூலம் விற்பவர் அந்த நிபந்தனையைக் கைவிட்டார் என்று வாதிடலாம். அதன் பிறகும் அவருக்கு வழி அடைபட்டுவிடவில்லை. எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பி, நியாயமான ஒரு புதிய கால அவகாசம் கொடுத்து, அதற்குள் முடிக்காவிட்டால் ஒப்பந்தம் முறிந்ததாகக் கொள்வேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அந்தப் புதிய நாள் முதல் காலம் மீண்டும் சாராம்சமாகும். 1967 தீர்ப்பும் இந்த வழியை ஏற்கிறது. நியாயமான அவகாசம் எத்தனை நாள் என்பதற்குச் சட்டத்தில் எண் இல்லை. மிச்சமிருக்கும் வேலையைப் பொறுத்தது. உங்கள் விற்பவர் மே 19-க்கும் 27-க்கும் இடையே அப்படி எதையும் அனுப்பவில்லை என்றே கேள்வியிலிருந்து தெரிகிறது. 55-ஆம் பிரிவின் கடைசிப் பத்தி இன்னொன்றையும் சேர்க்கிறது: தாமதமான நிறைவேற்றத்தை ஏற்றுக்கொள்ளும்போதே நஷ்டஈடு கேட்பேன் என்று சொல்லி வைக்காதவர், பிறகு அந்தத் தாமதத்துக்காக ஈடு கேட்க முடியாது.

இந்த இடத்தில்தான் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள், அது ஆபத்து. அதே கோமதிநாயகம் பிள்ளை வழக்கில் காலம் சாராம்சமல்ல என்று சொன்ன நீதிமன்றம், வாங்குபவர் தன் பங்கை நிறைவேற்றத் தொடர்ந்து தயாராகவும் விருப்பத்தோடும் இருந்ததை நிரூபிக்கவில்லை என்று கூறி அவருக்குச் சாதகமான உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீக்கியது. ஏற்றதை ஆற்ற, அதாவது ஒப்புக்கொண்டபடி பத்திரம் முடித்துத் தரக் கோரும் வழக்குகளுக்கான குறித்தவகை நிவாரணச் சட்டம் 1963-இன் 16-ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. 2018-இல் வந்த திருத்தம், நிவாரணம் தருவதில் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த விருப்புரிமையைக் குறுக்கி வாங்குபவர்களுக்குச் சாதகமாக அமைந்தாலும், தயார்நிலையை நிரூபிக்கும் கடமையைத் தொடவில்லை.

தயார்நிலை என்றால் நோட்டுக் கட்டோடு வாசலில் நிற்பதல்ல. நீதிமன்றம் கேட்டாலொழியப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டியதில்லை என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. பணத்தைத் திரட்டும் திறன் அந்தந்தத் தேதியில் இருந்ததைக் காட்டினால் போதும். உங்கள் கணக்கை நானே போட்டுப் பார்க்கிறேன். கிரயத்தொகையில் பாக்கி ரூ.34 லட்சம். அதோடு, தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஒப்பந்த விலையான 42 லட்சத்துக்கே கணக்கிட்டாலும் இது ரூ.3,78,000, வழிகாட்டி மதிப்பு அதைவிட உயர்ந்திருந்தால் இன்னும் கூடும். வழக்கமாக இந்தச் செலவு வாங்குபவருடையது. ஆக நீங்கள் காட்ட வேண்டிய தொகை ஏறத்தாழ ரூ.37.8 லட்சம். வங்கி அனுமதித்த கடன் 30 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மீதி ஏழே முக்கால் லட்சத்துக்கும் சற்று அதிகமான தொகை எந்தக் கணக்கில், எந்தத் தேதியில் இருந்தது என்று கேள்வி வரும். குறுக்கு விசாரணையில் எதிர்தரப்பு வழக்கறிஞர் கைவைக்கும் இடம் இதுதான்.

நான் பார்த்த ஒரு வழக்கில் வாங்கியவர் உண்மையில் வசதியானவர். ஆனால் அவர் தாக்கல் செய்த வங்கிக் கணக்குச் சுருக்கத்தில் கெடு நாளன்று பதினொரு லட்சமும், நான்கு மாதம் கழித்து, வழக்குப் போடுவதற்கு முந்தைய வாரத்தில், முப்பத்தெட்டு லட்சமும் இருந்தன. இடைப்பட்ட மாதங்களில் பணம் தன் சகோதரரிடம் இருந்ததாகச் சொன்னார். அந்தச் சகோதரரைச் சாட்சியாக அழைக்கவில்லை, அவருடைய கணக்கையும் காட்டவில்லை. காலம் பற்றிய எழுவினா, அதாவது நீதிமன்றம் விடை காண வேண்டிய கேள்வி, அவருக்குச் சாதகமாக முடிந்தது, தயார்நிலை பற்றிய எழுவினா பாதகமாக முடிந்தது, நிலம் போய்விட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டியபோது அவர் முகம் போன விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே கடன் அனுமதிக் கடிதம், அது வந்த தேதி, சேமிப்பு மற்றும் வைப்புநிதிக் கணக்குகள், நகைக்கடன் வாங்கியிருந்தால் அதன் ரசீது, உறவினர் கொடுப்பதாக இருந்தால் அவருடைய கணக்கு என அனைத்தையும் மே 10 முதல் இன்றுவரை நாள்வாரியாக அடுக்கி வையுங்கள். கடன் அனுமதி மே 24-இல்தான் வந்தது என்றால், மே 10 அன்று நீங்கள் தயாராக இல்லை என்பார்கள். அதற்கு உங்கள் பதில், மே 19-இல் கெடு கைவிடப்பட்டது, மே 27-இல் நான் தயார் என்பதாகத்தான் இருக்க முடியும். அதனால் அந்த இரண்டு லட்சத்தின் சான்றும் இந்தப் பணச் சான்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது வழக்கறிஞர் மூலம் ஓர் அறிவிப்பு. அதில் ஜனவரி 10 ஒப்பந்தம், முன்பணம், மே 19 வரவு, மே 27-இல் நீங்கள் பணத்தோடு சென்றது ஆகியவை தேதியோடு இருக்க வேண்டும். பணம் எங்கே, எந்த வடிவில் தயாராக உள்ளது என்று சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், இன்ன சார் பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து மீதியைப் பெற்றுக்கொண்டு பத்திரத்தை முடித்துத் தருமாறு அழைக்க வேண்டும். விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். குறித்த நாளில் நீங்கள் வரைவோலையோடு அங்கே செல்லுங்கள். வங்கி அதிகாரியும் வந்தால் இன்னும் நல்லது. விற்பவர் வராவிட்டாலும் நீங்கள் வந்ததற்கு ஏதாவது ஒரு எழுத்துத் தடம் இருக்கட்டும். அறிவிப்பில் தாமதத்துக்காக மன்னிப்புக் கேட்டு உருகி எழுத வேண்டாம். "நான் தவறிவிட்டேன்" என்ற ஒரு வரி நாளை உங்களுக்கு எதிரான ஒப்புதலாக வாசிக்கப்படும்.

வழக்குப் போட மூன்று ஆண்டு இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். காலவரையறைச் சட்டத்தின் 54-ஆம் கூறு அப்படித்தான் சொல்கிறது: ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து, குறிக்காவிட்டால் மறுப்பு தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அந்த வரம்பு உங்களைக் காலவரையறையிலிருந்து மட்டுமே காக்கும். மதுரையில் ஒரு வீட்டைப் பற்றிய வித்யானந்தம் எதிர் வைரவன் வழக்கில், 1978 டிசம்பரில் ரூ.60,000-க்கு ஒப்பந்தம், ரூ.5,000 முன்பணம், ஆறு மாதக் கெடு; வாங்குபவர் இரண்டரை ஆண்டு சும்மா இருந்துவிட்டு வந்தார், அதற்குள் விலை பல மடங்கு ஏறிவிட்டது. மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டிருந்தும் 1997-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு நிலைமையைச் சாதகமாக்கவில்லை. உங்கள் தாமதம் பதினேழே நாள். அதை மாதங்களாக வளர விடாதீர்கள்.

முன்பணம் பற்றி. வாங்குபவர் தவறினால் முன்பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்ற வாசகம் இருந்தாலும், அந்தப் பணம் ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான பிணைப்பணமா, கிரயத்தில் ஒரு பகுதியா என்று நீதிமன்றம் பார்க்கும். 2013-இல் வெளியான சதீஷ் பத்ரா தீர்ப்பு, பிணைப்பணத்தை மட்டுமே அப்படி எடுத்துக்கொள்ள முடியும் என்று பிரித்துக் காட்டுகிறது. தவிர, 74-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஒரு மேல்வரம்பே. கிடைக்கக்கூடியது நியாயமான ஈடு மட்டுமே. உங்கள் ஆறு லட்சத்தைக் குறித்து வாதம் நடக்கலாம். மே 19-இல் கொடுத்த இரண்டு லட்சம் எந்தக் கணக்கிலும் பிணைப்பணம் ஆகாது. அது கிரயத்தின் பகுதி. இவையெல்லாம் முதலில் தவறு உங்களுடையது என்று முடிவானால்தான் எழும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வழக்கு என்று வந்தால், பத்திரம் முடித்துத் தரக் கோருவதோடு, அது கிடைக்காவிட்டால் கொடுத்த எட்டு லட்சத்தையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்ற மாற்று வேண்டுதலையும் சேர்த்தே மனுவில் எழுதச் சொல்லுங்கள். குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, கேட்காத பணத்தை நீதிமன்றம் தானாகத் தராது. விற்பவர் எழுத்து மூலம் ரத்து அறிவிப்பு அனுப்பியிருந்தால், அந்த ரத்து செல்லாது என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகையையும் கேட்பது பாதுகாப்பு. ஒப்பந்தம் பதிவாகாமல் இருந்தால் வில்லங்கச் சான்றில் அது தெரியாது; இடையில் நிலம் வேறொருவருக்குப் போய், அவர் ஒன்றும் அறியாமல் நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கினேன் என்று சொல்ல இடம் கிடைக்கும். அதனால் மனுவோடு சேர்த்தே தற்காலிகத் தடையாணையும் கேட்க வேண்டும்.

தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தாலும், மீதித்தொகையை நீதிமன்றத்தில் செலுத்த அதில் ஒரு நாள் குறிக்கப்படும். அந்த நாளுக்குள் செலுத்தாவிட்டால், 28-ஆம் பிரிவின்கீழ் ஒப்பந்தத்தை ரத்து செய்யுமாறு விற்பவர் அதே நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அவகாசத்தை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனாலும் நாள் முடியும் முன்பே காரணத்தோடு கேட்டுவிடுவது நல்லது. வங்கி அனுமதித்த கடன் அதுவரை காலாவதியாகிவிடாமல் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு, அனுமதிக் கடிதத்தில் உள்ள செல்லுபடிக் காலத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.